அரங்கேற்ற மேடையில் உருப்படி அறிமுகம்: தொகுத்து வழங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பரதநாட்டிய அரங்கேற்றத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் மைக்கில் நாலு வார்த்தை சொல்ல ஒத்துக்கொண்டவர்கள் கேட்பவை இவை. நானும் பல வருடங்களாக அந்த மைக்குக்குப் பின்னால் நின்று தப்பும் தவறுமாகக் கற்றவன்தான்.

ஒரு உருப்படிக்கு எவ்வளவு நேரம் பேசலாம்? சீக்கிரம் முடிச்சிட்டா எல்லாருக்கும் நல்லதுதானே?

30 முதல் 45 நொடி. வர்ணத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் வரை போகலாம். நிதானமாகப் படித்தால் எனக்கு நிமிடத்துக்கு 80, 90 தமிழ்ச் சொற்கள்தான் வருகின்றன. அப்படியென்றால் ஒரு அறிமுகத்துக்கு 40 முதல் 60 சொற்கள். எழுதும்போது இது கஞ்சத்தனமாகத் தெரியும். அரங்கில் கேட்கும்போது போதும் போதும் என்றிருக்கும்.

ஆனால் எவ்வளவு குறைத்தாலும் நல்லது என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஜதிஸ்வரம் ஆடி முடித்த பெண் பக்கவாட்டில் நின்று மூச்சு வாங்குகிறாள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாள், யாரோ வியர்வையை ஒற்றி விடுகிறார்கள், அவிழப் பார்க்கும் சலங்கைக் கயிற்றை இறுக்குகிறார்கள். இந்தப் பக்கம் மிருதங்கக்காரர் சுருதி சரி பார்க்கிறார். நீங்கள் பேசும் நேரம்தான் இவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் நேரம். பத்து நொடியில் முடித்துவிட்டு நீங்கள் நகர்ந்தால் மேடை வெறுமையாகக் கிடக்கும். இரண்டு நிமிடம் இழுத்தால், அவள் தொடக்க நிலையில் இருட்டில் அசையாமல் நிற்க, உடல் சூடு ஆறிப்போகும்.

அதனால் முழு ஒத்திகைக்குக் கட்டாயம் போங்கள். ஒரு உருப்படி முடிந்ததிலிருந்து அவள் அடுத்ததற்குத் தயாராக எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சின் நீளத்தைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.

நான் பேசி முடிச்சும் அவங்க தயாராகலைன்னா என்ன பண்றது?

ஒவ்வொரு அட்டையின் அடியிலும் உபரியாக ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள். சொன்னால் அழகு, சொல்லாவிட்டால் நஷ்டமில்லை என்கிற மாதிரி ஒரு வாக்கியம். ஜதிஸ்வரம் என்றால், "ஸ்வரம் திரும்ப வரும்போது அடவு மாறுவதைக் கவனியுங்கள்" என்பது போல.

நட்டுவாங்கம் செய்பவரிடம் முன்கூட்டியே ஒரு சைகை பேசிக்கொள்ளுங்கள். கைத்தாளத்தை லேசாகத் தூக்கினால் தயார், இல்லையென்றால் இன்னும் இல்லை, அவ்வளவுதான். கடைசி வாக்கியத்துக்கு முன்னால் ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும். உபரி வாக்கியமும் தீர்ந்துவிட்டால் பேசாமல் நில்லுங்கள். சபை பத்து நொடி மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளும். "ஆங்... அடுத்ததாக... நமது..." என்று இழுப்பதைத்தான் பொறுக்காது.

அலாரிப்பு, ஜதிஸ்வரத்துல கதையே இல்லையே. என்ன சொல்றது?

கதை இல்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கையசைவு ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. பிறகு, கண்ணை எங்கே வைக்கலாம் என்று ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்கள்.

அலாரிப்புக்கு நான் சொல்வது இப்படி:

"முதலில் அலாரிப்பு. இதில் பாட்டு இல்லை, கதையும் இல்லை. சொற்கட்டும் மிருதங்கமும் மட்டுமே. முதலில் கண்கள் அசையும். பிறகு கழுத்து, தோள், கை, கால் என்று உடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டத்துக்குள் வரும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் அமைந்தது: தகிட, தகிட."

மொட்டு மலர்வது போல என்ற உவமை இதில் இல்லை என்று கவனித்திருப்பீர்கள். தப்பில்லாத உவமைதான். எல்லா அரங்கேற்றத்திலும் கேட்டுக் கேட்டு யார் காதிலும் ஏறுவதில்லை, அதனால் விட்டுவிட்டேன். அதைவிட நடையை வாயால் சொல்லிக் காட்டுவது பலன் தருகிறது. கண்ட நடை என்றால் "தகதகிட", மிஸ்ரம் என்றால் "தகிட தகதிமி". சொல்லிக் காட்டினால் போதும், கையால் தட்டிக் காட்ட வேண்டாம். உங்கள் காலப்பிரமாணம் ஒன்றாகவும் நட்டுவாங்கத்தின் காலப்பிரமாணம் வேறாகவும் இருந்துவிட்டால் சிரிப்பாகிவிடும்.

ஜதிஸ்வரத்திலும் சாகித்யம் கிடையாது, ஸ்வரங்களை மட்டும் பாடுவார்கள். பாடுகிறவர் பாடிய வரிக்கே திரும்பி வருவார், அப்போது மேடையில் புதிய அடவுக் கோர்வை வரும். இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

"அடுத்து சப்தம்"னு சொன்னேன், பின்னாடி வரிசையில சிரிச்சாங்க. ஏன்?

அவர்கள் காதில் விழுந்தது நாட்டிய உருப்படி இல்லை, இரைச்சல்! இந்தத் துறையின் சொற்கள் பலவற்றுக்கு வெளியே வேறு அர்த்தம் இருக்கிறது. பதம் என்றால் சோறு வெந்த பதம், வர்ணம் என்றால் நிறம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது பாவம். "பாவத்தோடு ஆடுவார்" என்று எழுதினால் கண்ணுக்குத் தெரியாது. அதையே மைக்கில் சொன்னால் அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று கேட்கத் தோன்றும். "முகபாவம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், அல்லது "அபிநயம்" என்று மாற்றிவிடுங்கள்.

சப்தத்தை வாக்கியத்தின் தொடக்கத்திலோ தனியாகவோ வைக்காதீர்கள். "இதுவரை ஸ்வரத்துக்கும் தாளத்துக்கும் ஆடியவர், இப்போது முதல்முறையாகப் பாட்டின் பொருளுக்கு அபிநயம் செய்கிறார். இந்த உருப்படிக்குச் சப்தம் என்று பெயர்." இப்படி வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சப்தத்தின் இடம் என்ன என்பதும் அந்த வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. ராக, தாளப் பெயர்களை ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். "கண்ட சாபு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கண்ணால் கண்ட சாபு போல ஒருவர் வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன். மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு எழுத்தைக் கூட்டக் கூடாது.

வர்ணத்துக்கு எழுத உட்கார்ந்தா ரெண்டு பக்கம் வருது. எப்படிச் சுருக்கறது? ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்.

வர்ணம் அரை மணி நேரம் போகும், சில சமயம் அதற்கும் மேல். அன்றைய நிகழ்ச்சியின் மையமே அதுதான் என்பதால் எழுதுபவருக்குக் கை நிற்காது. ஒரு உதாரணத்தை முழுவதும் செய்து பார்ப்போம். தஞ்சை நால்வரின் "சகியே இந்த வேளையில்" என்ற வர்ணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆனந்தபைரவி ராகம், ஆதி தாளம்.

வழக்கமாக வரும் முதல் வரைவு இப்படி இருக்கும்: "அடுத்து வரவிருப்பது மார்க்கத்தின் மணிமகுடமாகத் திகழும், நிருத்தமும் நிருத்தியமும் ஒருங்கே இணைந்த, நடனமணியின் தாள ஞானத்தையும் அபிநயத் திறனையும் உடல் வலிமையையும் சோதிக்கக்கூடிய, ஆனந்தபைரவி ராகத்தில் ஆதி தாளத்தில் தஞ்சை நால்வரால் இயற்றப்பட்ட வர்ணமாகும். இதில் விரகதாபத்தால் வாடும் நாயகியானவள் தனது சகியை நோக்கி..." சொல்பவருக்கு இங்கேயே மூச்சு முட்டும். கேட்பவருக்கோ வர்ணம் என்ற சொல் வந்து சேர்வதற்குள் தலையில் பத்து விஷயம் ஏறி, பத்தும் இறங்கியிருக்கும்.

இதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஆசிரியரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். யார் பேசுகிறார்கள், யாரிடம்? என்ன வேண்டும் என்கிறார்கள்? இந்த மேடையில் எந்தெந்த சஞ்சாரி செய்யப்போகிறீர்கள்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, முக்கியமானது அதுதான். பாட்டு ஒன்றே என்றாலும் அதை விரித்துச் செய்யும் காட்சிகள் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். புத்தகத்தைப் பார்த்து "மன்மதன் அம்பு எய்கிறான்" என்று நீங்கள் அறிவித்து, அன்றைக்கு அந்தக் காட்சியே இல்லையென்றால் சபை அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

நம் உதாரணத்தில் பேசுவது தலைவி, கேட்பது தோழி. இந்த நேரத்தில் ஜாலம் செய்யாதே, ஓடிப்போய் என் சாமியை அழைத்து வா என்பது பாட்டின் பொருள். நிலவு சுடுவதாக ஒரு சஞ்சாரியும், தோழிக்கு மாலை கொடுத்துக் கெஞ்சுவதாக ஒன்றும் செய்யப்போவதாக ஆசிரியர் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அறிமுகம்:

"ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். 'ஓடிப்போய் என் தலைவனை அழைத்து வா' என்கிறாள். தோழி நகர்வதாக இல்லை. அதனால் கெஞ்சுகிறாள், கோபித்துக்கொள்கிறாள், நிலவுகூடச் சுடுகிறது என்று முறையிடுகிறாள். நடுநடுவே ஜதிகள் வரும். அப்போது கதை நின்று கால்கள் மட்டும் பேசும். பிறகு கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். தஞ்சை நால்வர் இயற்றிய வர்ணம். ஆனந்தபைரவி ராகம், ஆதி தாளம்."

40 சொல்லுக்குக் கொஞ்சம் மேல், அரை நிமிடம். இதில் நான் செய்த காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்துக்கு ஒரு செய்திதான். "நாயகியானவள்" ஒரு பெண் ஆகிவிட்டாள், ஏனென்றால் பத்தாவது வரிசையில் இருப்பவருக்குப் பெண் என்றால் உடனே படம் வரும். மாலையைச் சொல்லாமல் விட்டேன், அதைச் சபையே கண்டுபிடிக்கட்டும். ஜதியைப் பற்றிய மூன்று வாக்கியம் புதியவர்களுக்காக. அழுதுகொண்டிருந்த தலைவி திடீரென்று ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்ற கேள்வி அவர்களுக்கு உண்மையிலேயே வரும்.

ராகமும் தாளமும் கடைசியில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனந்தபைரவி என்று நீங்கள் சொல்லி முடித்த அடுத்த நொடி பாடகர் ஆனந்தபைரவியைத் தொடுகிறார். பெயரும் ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன. முதலிலேயே சொல்லிவிட்டால் கதைக்கு அடியில் ராகம் புதைந்துபோகும்.

எழுதி முடித்ததும் வீட்டில் யாரையாவது உங்களுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லி ஒரே ஒரு முறை வாசியுங்கள். பிறகு, "யார் யாரிடம் பேசினார்கள், என்ன கேட்டார்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இன்னும் வெட்ட வேண்டும்.

புராணக் கதையை முழுசா சொல்லிடணுமா? சின்னப் பசங்களுக்குத் தெரியாதே.

நரசிம்மர் வரும் உருப்படி ஒன்றுக்கு, தூண் பிளந்து அவர் வெளிப்படுவது வரைக்கும் நான் உணர்ச்சி பொங்கச் சொல்லிவிட்டேன். கைதட்டல்கூட வந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் பாடம். அந்தப் பெண் பிரகலாதனின் பொறுமையை, ஹிரண்யனின் திமிரை அழகாகச் செய்துகொண்டிருக்க, சபை தூணுக்காகக் காத்திருந்தது. தூண் வந்தபோது, தெரிந்ததுதானே என்ற மாதிரி இருந்துவிட்டது. அவள் கையில் இருந்த ஒரே வெடியை நான் கொளுத்திவிட்டேன்.

கதையின் வாசலில் நிறுத்திவிடுங்கள். "'உன் கடவுள் இந்தத் தூணிலும் இருக்கிறானா?' என்று தந்தை கேட்கிறான்." அவ்வளவுதான். தெரிந்தவர்களுக்கு நினைவு வரும், தெரியாத குழந்தை மேடையைப் பார்க்கும். யாருக்கு யார் அப்பா, யார் கெட்டவன் என்பது மட்டும் புரிந்தால் மீதியை ஆட்டம் சொல்லிக்கொள்ளும்.

பாட்டு கன்னடமோ தெலுங்கோ இருந்தா வரிக்கு வரி அர்த்தம் சொல்லணுமா?

வேண்டாம், ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தால் போதும். பாலசரஸ்வதி ஆடிப் புகழ்பெற்ற "கிருஷ்ணா நீ பேகனே பாரோ" வியாசராயரின் கன்னடப் பாடல். "'பேகனே பாரோ' என்று திரும்பத் திரும்ப வரும். கன்னடத்தில் 'சீக்கிரம் வா' என்று பொருள். ஒரு தாய் குழந்தைக் கண்ணனை எத்தனை விதமாகக் கூப்பிடுகிறாள் என்று பாருங்கள்." பல்லவி திரும்பும்போதெல்லாம் சபை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். வரிக்கு வரி மொழிபெயர்ப்பு அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இருக்கட்டும், காதால் அதை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் சொல்லச் சொல்றாங்க.

சொன்னதையே திரும்பச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பாதிச் சபை சும்மா உட்கார்ந்திருக்கும். நேரமும் இரட்டிப்பு. கதையை ஒரு மொழியிலும், எதைக் கவனிப்பது என்பதை இன்னொன்றிலும் பிரித்துக்கொள்ளுங்கள். ராகம், தாளம், இயற்றியவர் பெயரை ஒரே முறை சொன்னால் இரண்டு மொழிக்காரருக்கும் ஆயிற்று.

பதமும் ஜாவளியும் முழுக்க சிருங்காரம். ஆடறது பதினாலு வயசுப் பொண்ணு, முன்வரிசையில தாத்தா பாட்டி. எப்படிச் சொல்றது?

பாட்டில் வரும் பெண்ணையும் ஆடும் பெண்ணையும் கலக்காமல் இருந்தால் போதும். "விரகத்தில் தவிக்கும் நம் செல்வி" என்று ஒருவர் அறிவித்தபோது அந்தக் குழந்தையின் அப்பா தலையைக் குனிந்ததைப் பார்த்தேன். "இந்தப் பதத்தின் தலைவி" என்று தொடங்குங்கள். பிறகு, எல்லோருக்கும் தெரிந்த உணர்ச்சியாகச் சொல்லுங்கள். இரவெல்லாம் வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டு வரும் தலைவனைச் சாடும் பதத்துக்கு, "விடிந்தபிறகு வந்து நிற்கிறான். இவள் கத்தவில்லை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறாள்" என்று சொன்னால் பெரியவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடும். சிறியவர்களுக்குக் கோபம் மட்டும் புரியும், அதுவே போதும். இப்படிப்பட்ட தலைவிக்கு உள்ள கண்டிதா என்ற பெயரைச் சொல்ல ஆசைப்பட்டால் இதற்கு அப்புறம் சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.

ஜாவளி இலகுவானது, நடையும் துள்ளலாக இருக்கும். அதற்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் அதன் லேசுத்தனமே போய்விடும்.

வர்ணம் முடிஞ்சு உடை மாத்தறப்போ பத்து நிமிஷம் நானே பேசி ஓட்டணுமா?

முடிந்தவரை பேசாதீர்கள். பக்கவாத்தியக் கலைஞர்களை அறிமுகப்படுத்த அதுதான் நல்ல நேரம். அரை மணி நேரமாக அவர்கள் வாசித்ததைச் சபை இப்போதுதான் கேட்டிருக்கிறது, கைதட்டல் மனதார வரும். நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஒருவருக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொருவருக்கும் கைதட்ட இடைவெளி. பட்டங்களை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீதி நேரத்துக்குக் குழுவை ஒரு சின்ன கீர்த்தனை வாசிக்கச் சொல்லலாம், விருந்தினர் பேசலாம். ஆனால் விருந்தினர் பேச்சை உள்ளே இருப்பவர்கள் தயார் என்று சொல்வதற்கு முன் முடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான், அதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தில்லானாவுக்கு முன்னாடி நன்றியுரை சொல்லிடலாமா?

கூடாது. நன்றி என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பைத் தேடும் கால்கள் உண்டு. தில்லானாவுக்கு "சொற்கட்டுகளே பாட்டாக அமைந்தது. கடைசியில் மட்டும் ஒரு வரி சாகித்யம் வரும்" என்று சொல்லி ராகம், தாளத்தோடு விலகுங்கள். மங்களம் இடைவெளி விடாமல் தொடருமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தொடரும் என்றால் இங்கேயே "தொடர்ந்து மங்களம்" என்று சேர்த்துவிட வேண்டும், நடுவில் புகக் கூடாது.

"அற்புதமான", "அபாரமான" மாதிரி நாலு வார்த்தை போட்டா கலகலப்பா இருக்குமே?

ஆடுவதற்கு முன் அற்புதம் என்று சொன்னால் அவள் தலையில் பாரம். ஆடிய பிறகு சொன்னால் சபை கைதட்டியதை நீங்கள் திரும்பச் சொல்கிறீர்கள். கைதட்டல் முழுவதும் அடங்கும்வரை மைக்கைத் தொடாமல் இருப்பதுதான் அவளுக்கு நீங்கள் செய்யும் மரியாதை. அவள் பெயரும் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை வந்தால் போதும்.

தப்பா அறிவிச்சிட்டா? இல்ல, கடைசி நேரத்துல உருப்படியை மாத்திட்டா?

இசை தொடங்கவில்லை என்றால் ஒரே வாக்கியம்: "திருத்தம், ராகம் மத்யமாவதி." காரணம் சொல்லவோ அசடு வழியவோ தேவையில்லை. தொடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த உருப்படிக்கு முன் திருத்திக்கொள்ளலாம்.

மாற்றத்துக்கு முன்கூட்டியே தயாராக இருக்க ஒரு வழி இருக்கிறது. நேரம் போதாமல் ஜாவளியை விடுவது சகஜம். அதனால் உருப்படிக்கு ஒரு அட்டை, பெரிய எழுத்து, ஒரு பக்கம் மட்டும். "ஐந்தாவதாக" என்றோ "முன்பு பார்த்தது போல" என்றோ எந்த அட்டையிலும் எழுதாதீர்கள். அப்போது ஒன்றை உருவிவிட்டாலும் மீதி அப்படியே ஓடும். ஒவ்வொன்றையும் அறிவிக்கப் போகும் முன் நட்டுவாங்கம் செய்பவரிடம் அட்டையின் தலைப்பைக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு மைக்குக்குப் போங்கள்.